விடிய விடிய ஓடிய கூத்தை ஒரே கோப்பிலிருந்து காட்சிகளாகப் பிரிப்பது

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் நடந்த பாரதக் கூத்தை இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒரே கேமராவில் பதிவு செய்தோம். இப்போது எட்டு மணி நேரம் ஓடும் ஒரே கோப்பாக இருக்கிறது. வீடியோவைக் காட்சிகளாகப் பிரிக்கும் PySceneDetect மென்பொருளை ஓட்டினால் ஆறு இடங்களில்தான் வெட்டுகிறது. அதன் வெட்டு எல்லையைக் குறைத்தால் இரண்டாயிரத்துக்கு மேல் வெட்டுகிறது. ஒவ்வொரு வேடத்தின் வருகையையும் தனிக் காட்சியாகப் பிரிக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்:

அந்த ஆறு இடங்களையும் முதலில் திறந்து பாருங்கள். பேட்டரி அல்லது மெமரி கார்டு மாற்றிய இடங்கள் அதில் இருக்கும். மின்சாரம் போன இடம் ஒன்றும், ஜெனரேட்டர் ஓடி விளக்கு மீண்டும் எரிந்த இடம் ஒன்றும் இருக்கலாம். அப்படி இருந்தால் மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது தேடுவது கேமரா வெட்டுகளை. நீங்கள் தேடுவது கூத்தின் காட்சிகளை. கேமரா நிற்காமல் ஓடும்போது அரங்கில் எத்தனை காட்சிகள் மாறினாலும் கோப்பில் வெட்டு விழாது.

அது எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி எளிது. detect-content என்ற முறை ஒரு பிரேமை அதற்கு முந்தைய பிரேமோடு ஒப்பிட்டு, நிறம், நிறச்செறிவு, வெளிச்சம் ஆகியவை சராசரியாக எவ்வளவு மாறியிருக்கின்றன என்று ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் 27 என்ற எல்லையைத் தாண்டினால் வெட்டு. வினாடிக்கு 25 பிரேம் என்றால் இரண்டு பிரேம்களுக்கு இடையே இருப்பது வினாடியில் 25-இல் ஒரு பங்கு. கூத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு இருவர் அரங்குக்குள் வந்து நிற்கவே நான்கைந்து வினாடி ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரேம்கள் ஓடிவிடுகின்றன. பக்கத்துப் பக்கத்துப் பிரேம்களில் எந்த இரண்டை எடுத்தாலும் வித்தியாசம் மிகச் சிறியது. அதனால்தான் கர்ணன் வேடம் திரைக்குப் பின்னால் வந்து நின்றது கூட அந்தக் கணக்கில் ஏறவில்லை.

எல்லையை 27-லிருந்து 8-க்கோ 6-க்கோ இறக்கும்போது திரை வருவதைவிட வேகமாக மாறும் எல்லாமே உள்ளே வந்துவிடுகின்றன. பந்தலில் ஓடும் சீரியல் விளக்குகள், கைபேசி பிளாஷ், கேமராவுக்குக் குறுக்கே நடந்து போகும் ஆள், பதிவு செய்தவர் திடீரெனச் செய்த ஜூம் எல்லாம் வெட்டாகும். கேமரா பக்கவாட்டில் திரும்புவதால் வரும் பொய் வெட்டுகளை detect-adaptive கணிசமாகக் குறைக்கும், ஏனென்றால் அது ஒவ்வொரு எண்ணையும் அக்கம்பக்கத்துப் பிரேம்களின் சராசரியோடு வைத்துப் பார்க்கிறது. ஆனால் கோப்பில் இல்லாத வெட்டை அதுவும் கண்டுபிடிக்காது. எல்லையை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் நான் ஒரு வாரத்தை இழந்திருக்கிறேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

மாற்ற வேண்டியது எல்லையை அன்று, ஒப்பிடும் கால இடைவெளியை. கூத்து மெதுவாக மாறுகிறது என்றால் ஐந்து வினாடிக்கு ஒரு பிரேம் மட்டும் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். திரை இல்லாத ஒரு படமும் அடுத்ததாகத் திரை வந்து நின்ற படமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியும். எட்டு மணி நேரக் கோப்பில் இருக்கும் 7,20,000 பிரேம்களும் 5,760 படங்களாகச் சுருங்கிவிடும்.

காவேரிப்பட்டணம் அருகே ஒரு திரௌபதி அம்மன் கோயில் விழாவில் நான் பதிவு செய்த கர்ண மோட்சத்தை இப்படித்தான் பிரித்தேன். முதலில் padam என்று ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கிக்கொண்டு, படங்களை எடுத்தேன்.

```
ffmpeg -i koothu.mp4 -vf "crop=1200:600:360:300,fps=1/5,scale=640:-2" -q:v 4 padam/%05d.jpg
```

இதில் crop என்ற பகுதி முக்கியமானது. முன்னால் உட்கார்ந்திருக்கும் மக்களின் தலைகள், மேலே தொங்கும் விளக்குகள் ஆகியவற்றை நீக்கிவிட்டு அரங்கை மட்டும் ஒப்பிடச் செய்வது அதுதான். முதல் இரண்டு எண்கள் அகலமும் உயரமும். அடுத்த இரண்டும் இடப்பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும் என்பவை. உங்கள் படச்சட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் உட்கார்ந்திருக்கும் பின்வரிசையையும் முடிந்தால் நீக்குங்கள், அவர்கள் எழுந்து போய்த் தேநீர் குடித்து வருவது காட்சி மாற்றமில்லை. கேமரா முக்காலியில் அசையாமல் நின்றிருந்தால்தான் இந்த வெட்டல் உதவும். பதிவு செய்தவர் நடிகர்களைத் துரத்திக்கொண்டே இருந்திருந்தால் crop பகுதியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து இந்தப் படங்களைச் சேர்த்து ஒரு சிறு கோப்பாக்கி, அதன் மீது கண்டறிதலை ஓட்ட வேண்டும்.

```
ffmpeg -framerate 25 -i padam/%05d.jpg -pix_fmt yuv420p siru.mp4
scenedetect -i siru.mp4 -m 12 -s siru.csv detect-content -t 18 list-scenes
```

எட்டு மணி நேரக் கூத்து நான்கு நிமிடத்துக்கும் குறைவான கோப்பாகிவிடும். -m 12 என்பது ஒரு காட்சி குறைந்தது பன்னிரண்டு படங்கள், அதாவது உண்மைக் கணக்கில் ஒரு நிமிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இதைக் கொடுக்காவிட்டால் மென்பொருள் தன் வழக்கமான 0.6 வினாடியை எடுத்துக்கொள்ளும். சாதாரணக் கோப்பில் அது ஒன்றுமே இல்லை. இந்தச் சுருக்கிய கோப்பில் அது பதினைந்து படங்கள், அதாவது ஒன்றேகால் நிமிடம். அதனால் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துக் கொடுப்பது நல்லது.

18 என்ற எண் என் பதிவுக்குப் பொருந்தியது, உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. -s கொடுத்ததால் உருவாகும் siru.csv கோப்பை LibreOffice Calc-இல் திறந்து, content_val என்ற நெடுவரிசையை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். என் பதிவில் நடிகர்கள் ஆடுவதும் சுற்றுவதும் 6-க்கும் 12-க்கும் இடையில் புல்வெளி போலப் பரந்து கிடந்தன. திரை வந்த இடங்களும் போன இடங்களும் அதன் நடுவே 20-க்கு மேல் பனைமரம் போல நின்றன. புல்லுக்கும் பனைக்கும் நடுவில் எங்கே கோடு போடலாம் என்று கண்ணாலேயே தெரியும். உங்கள் வரைபடத்தில் அப்படி ஓர் இடைவெளி இல்லையென்றால், கேமரா அதிகம் அசைந்திருக்கிறது என்று பொருள். அப்போது தானியங்கிக் கண்டறிதலை அதிகம் நம்பாமல், நான் பின்னால் சொல்லும் ஒலி வழியை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைக் கணக்கிடுவது எளிது. பிரேம் எண்ணை ஐந்தால் பெருக்கினால் மூலக் கோப்பின் வினாடி கிடைக்கும். பிரேம் 2311 என்றால் 11,555 வினாடி, அதாவது 3 மணி 12 நிமிடம் 35 வினாடி. ஐந்து வினாடி முன்பின் இருக்கும். இது தோராயமான இடம், வெட்டும் இடமில்லை. இதன் வேலை எட்டு மணி நேரத்தில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

என் பதிவில் 64 இடங்கள் கிடைத்தன. அவற்றில் 19 மட்டுமே உண்மையான காட்சி எல்லைகள். மீதியில் பெரும்பகுதி திரை விலகிய இடங்கள். கூத்தில் திரை பிடித்ததும் வேடக்காரர் அதற்குப் பின்னால் நின்றே பாடித் தன்னை அறிவிக்கிறார், சில நிமிடங்கள் கழித்துத்தான் திரை விலகுகிறது. எனவே ஒரு வருகைக்கு இரண்டு வெட்டுகள் விழுகின்றன. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்க வேண்டும். இன்னும் சில, ஊர்க்காரர் ஒருவர் அரங்குக்குள் வந்து நடிகருக்கு அன்பளிப்பு கொடுத்துக் கட்டியக்காரன் அவர் பெயரை அறிவித்த இடங்கள். கடைசி அரை மணி நேரத்தில் விழுந்தவை விடியலால் வந்தவை. வானம் வெளுக்கும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் படிப்படியாகச் சரிசெய்துகொள்கிறது. வினாடிக்கு வினாடி பார்த்தால் அது தெரியாது. ஐந்து வினாடி இடைவெளியில் அது ஒரு படியாகத் தெரிந்துவிடுகிறது. காலை ஐந்தரைக்குப் பிறகு கிடைக்கும் எந்த வெட்டையும் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

இனி மென்பொருள் தவறவிட்டவை. இவற்றுக்குக் காதுதான் வழி. கூத்தில் புதிய வேடம் வரப்போகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். முந்தைய பாட்டை முடிக்கும் தாளக்கோவையான தீர்மானம் விழும், மிருதங்கமும் தாளமும் வேகம் மாறும், முகவீணை மேலே ஏறும், பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். வசனம் ஓடும் நேரத்தில் அலைவடிவம் சீப்பின் பற்கள் போல இடைவெளியோடு இருக்கும், வருகையின்போது அது நிரம்பிப்போன ஒரு பட்டையாக மாறும். சிறிது பழகினால் அலைவடிவத்தைப் பார்த்தே திரை எங்கே வந்தது என்று சொல்லிவிடலாம்.

மௌனத்தைத் தேடும் கருவியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று தோன்றும். நான் பயன்படுத்திப் பார்த்தேன். ஆர்மோனியத்தின் சுருதி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் கூத்தில் மௌனம் என்று ஒன்று கிடைப்பதே இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

ஒலியை மட்டும் தனியாக எடுத்து Audacity-இல் திறந்து, அங்கேயே மார்க்கர் இடுவதுதான் எனக்குக் கைகொடுத்தது. எட்டு மணி நேர வீடியோவை டைம்லைனில் இழுத்துக்கொண்டிருந்தால் பழைய கணினி திணறும். ஒலிக்கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு.

```
ffmpeg -i koothu.mp4 -vn -ac 1 -ar 16000 -af aresample=async=1 koothu.wav
```

அந்த கடைசிப் பகுதியை, aresample=async=1 என்பதை, விட்டுவிடாதீர்கள். பல கேமராக்கள் கார்டில் 4 ஜிபிக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியாகவே எழுதுகின்றன. நீங்கள் அவற்றைச் சேர்த்து ஒரே கோப்பாக்கியிருந்தால் இணைப்பிடங்களில் ஒலியில் சிறு இடைவெளிகள் இருக்கக்கூடும். சாதாரணமாக ஒலியை எடுத்தால் அந்த இடைவெளிகள் விழுங்கப்பட்டு, ஒலிக்கோப்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு இட்ட மார்க்கர் சரியாக இருக்கும், காலை ஐந்து மணிக்கு இட்டது சில வினாடி தள்ளிப்போயிருக்கும். இதைச் சோதிக்க, கோப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஒரு வெடிச்சத்தத்தையோ தாளத்தின் ஒற்றை அடியையோ தேர்ந்தெடுத்து, அதன் நேரத்தை வீடியோவிலும் ஒலிக்கோப்பிலும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தொடரலாம்.

Audacity-இல் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே Ctrl+M அழுத்தினால் அந்த இடத்தில் குறி விழும், பெயரையும் உடனே தட்டச்சு செய்யலாம். கண்டறிதலில் கிடைத்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் அரை நிமிடம் முன்னாலிருந்து கேளுங்கள். பிறகு இரண்டு குறிகளுக்கு நடுவே நாற்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தப் பகுதியை அலைவடிவத்தில் மெதுவாக மேயுங்கள். நான் கையால் சேர்த்த ஏழு எல்லைகளும் அப்படிப்பட்ட நீண்ட இடைவெளிகளில்தான் ஒளிந்திருந்தன. மூன்று இடங்களில் வேடக்காரர் திரையில்லாமல் மக்கள் நடுவிலிருந்து நடந்து வந்திருந்தார். மற்ற நான்கில் ஆட்கள் மாறவே இல்லை, கதைதான் மாறியது. போருக்குப் புறப்படும் முன் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் அதில் ஒன்று. அதற்கு முன் பகுதியிலும் அதே இருவர்தான் அரங்கில் இருந்தார்கள், விளக்கும் அதேதான். பார்ப்பவர்களுக்கு அது முற்றிலும் வேறு காட்சி. எந்த எண்ணும் அதைச் சொல்லாது.

குறி இடுவதற்கு முன் காட்சி எங்கே தொடங்குகிறது என்று ஒரு விதி வகுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் முறை வேடம் வெளியே வந்த நொடியில் குறி இட்டேன். அப்படி வெட்டியபோது திரைக்குப் பின்னால் பாடிய வருகைப் பாட்டு முழுவதும் முந்தைய காட்சியின் வாலாக ஒட்டிக்கொண்டது. துரியோதனன் தன் பெருமையைப் பாடும் பாட்டு வேறொருவரின் காட்சியில் முடிவது பார்ப்பவரை ஏமாற்றும். எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இப்போது என் விதி இது: முந்தைய பாட்டின் தீர்மானம் விழுந்த பிறகு, திரை பிடிப்பவர்கள் சட்டத்துக்குள் வருவதற்கு இரண்டு வினாடி முன். திரையில்லாத வருகைக்கு, அந்த வேடத்துக்கான பாட்டின் முதல் ஒலிக்கு இரண்டு வினாடி முன். விதி வேறாக இருக்கலாம், நடுவில் மாறக்கூடாது. பெயரிடும்போது கூத்து வாத்தியாரைத் தொலைபேசியில் அழைத்து அன்றிரவு வந்த வேடங்களின் வரிசையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் உள்ள ஒரு வேடம் உங்கள் குறிகளில் இல்லையென்றால், ஓர் எல்லை தவறியிருக்கிறது.

குறிகளை Audacity ஓர் உரைக்கோப்பாகத் தரும். தொடக்கம், முடிவு, பெயர் என்று ஒவ்வொரு வரியும் இருக்கும். நீங்கள் ஒரே இடத்தில் குறி இட்டதால் தொடக்கமும் முடிவும் ஒரே எண்ணாக இருக்கும். அதை Calc-இல் திறந்து, இரண்டாவது நெடுவரிசையில் அடுத்த வரியின் தொடக்கத்தை நிரப்புங்கள். காற்புள்ளியிட்ட கோப்பாகச் சேமித்தால் வீடியோ வெட்டும் மென்பொருளான LosslessCut அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

```
0,2140,01 கடவுள் வாழ்த்து
2140,4385,02 கட்டியக்காரன் வருகை
4385,6912,03 துரியோதனன் வருகை
```

இனி வெட்டுவது. LosslessCut வீடியோவை மறுபடி சுருக்காமல் நகலெடுத்தே வெட்டுகிறது. அதனால் தரம் குறையாது, 60 ஜிபி கோப்பும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் இப்படி வெட்டும்போது துண்டு ஒரு கீபிரேமில்தான் தொடங்க முடியும். கீபிரேம் என்பது முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட பிரேம். மற்றவை பக்கத்துப் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருப்பவை. கேமராவிலிருந்து நேராக வந்த கோப்பில் பெரும்பாலும் அரை வினாடிக்கோ ஒரு வினாடிக்கோ ஒரு கீபிரேம் இருக்கும், அதில் கவலை இல்லை. இடையில் அளவைக் குறைக்க யாராவது மாற்றியிருந்தால் கீபிரேம்கள் பத்து வினாடிக்கு ஒன்றாகப் பரந்திருக்கக்கூடும். அப்போது நீங்கள் குறித்த இடத்துக்கு ஒன்பது வினாடி முன்பே துண்டு தொடங்கி, முந்தைய காட்சியின் கடைசி வசனம் தலையில் ஒட்டிக்கொள்ளும். முதல் ஒரு நிமிடத்தைச் சோதித்தாலே தெரிந்துவிடும்.

```
ffprobe -v error -select_streams v -skip_frame nokey -show_entries frame=pts_time -of csv=p=0 -read_intervals %+60 koothu.mp4
```

வரும் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் கீபிரேம் இடைவெளி. அது இரண்டு வினாடிக்குள் இருந்தால் நகலெடுத்து வெட்டுங்கள். அதிகமாக இருந்தால் கேமராவின் மூலக் கோப்புகளைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குவதே நல்லது. அவை அழிந்துபோயிருந்தால் ஒவ்வொரு துண்டையும் மறுபடி சுருக்கி வெட்ட வேண்டியிருக்கும், அதற்கு ஓர் இரவு முழுவதும் கணினி ஓட வேண்டும்.

வெட்டாமலும் விடலாம் என்பதையும் யோசியுங்கள். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் முழுக் கூத்தையும் ஒரே கோப்பாக ஏற்றி, விளக்கப் பகுதியில் நேரங்களையும் வேடப் பெயர்களையும் வரிசையாக எழுதினால் அத்தியாயங்கள் தாமாகவே உருவாகும். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து வினாடிக்குக் குறையக்கூடாது. அதே உரைக்கோப்பு இதற்கும் பயன்படும். ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பிடித்த வேடத்துக்கு நேராகப் போவார்கள், முழுவதும் பார்க்க விரும்பும் பெரியவர்களுக்கும் நடுவில் தடை இருக்காது. நான் இரண்டையும் செய்தேன்: முழுக் கோப்பு யூடியூபில், 27 துண்டுகள் நடிகர்களுக்குப் பென்டிரைவில்.

கடைசியாக, உங்கள் ஆறு வெட்டுகளில் மின்சாரம் போய்வந்த இரண்டும் இருந்தால் அவற்றைக் காட்சி எல்லையாக வைக்காதீர்கள். விளக்கு அணைந்த பிறகும் பாட்டு நிற்காமல் ஓடியிருக்கும். படம் கறுத்திருந்தாலும் அந்த நிமிடங்களில் மைக் இல்லாமல் ஒலிக்கும் குரலும் மிருதங்கமும் அதே காட்சியைச் சேர்ந்தவை. அதைத் துண்டாக்காமல், இருட்டையும் சேர்த்து அந்த வேடத்தின் காட்சிக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.